மாமனார் சொல்வது முழுக்கப் பிழை, ஆனால் கதையைச் சொல்பவர் அவர்தான்

குளக்கட்டு, 4.3.2024

ஒரு சிறுகதை பாதியில் இறுகிக் கிடக்கிறது. சொல்பவர் 74 வயதுக் கிழவர். மாங்குளத்திலிருந்து உள்ளே போகும் ஒரு ஊர். முன்பு குளத்தில் துருசு திறந்து பூட்டுகிற வேலை பார்த்தவர். மகன் 2009 மே மாதத்துக்குப் பிறகு வீடு வரவில்லை. கிழவரைக் கேட்டால் அவன் வெளிநாட்டில் இருக்கிறான், விசா சரிவந்ததும் கூப்பிடுவான். வீட்டில் மருமகளும் பத்து வயதுப் பேத்தியும். செவ்வாய்க்கிழமை தோறும் மருமகள் விடிய வெளிக்கிட்டு இருட்டத் திரும்புகிறாள். கிழவருக்குச் சந்தேகம்.

அவள் போவது கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இருக்கிற பந்தலுக்கு. கிழவருக்கு இது கடைசி வரை தெரியக்கூடாது. படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒருவர், மருமகளுக்கு யாரோடோ தொடர்பு என்றார். ஒருவர், கிழவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றார். கிளிநொச்சி நண்பன் நாலாம் வரியிலேயே "பந்தலடிக்குத்தானே போறாள்" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டான். மூன்றும் எனக்கு வேண்டியதில்லை. இப்போது இருக்கிற பந்தி இது:

"இண்டைக்கும் ஊர் சுத்திப்போட்டு வந்தாள். கோயிலுக்கு எண்டு பொய் சொல்லிப்போட்டு எங்கையோ போறாள். முகத்தைப் பார்த்தாலே தெரியும். என்ர மகன் அங்கை குளிருக்குள்ள கஷ்டப்படுறான், இவளுக்கு இஞ்சை கூத்து."

என்ன பிழை விடுகிறேன்?

வைகைக்கரை, 4.3.2024

சிம்பிள். கிழவரை மாற்றிவிட்டு அந்தப் பத்து வயதுப் பிள்ளையைச் சொல்ல வையுங்கள். குழந்தை தப்பாகப் புரிந்துகொண்டால் எல்லோரும் நம்புவார்கள். கடைசிப் பத்தியில் பந்தலைக் காட்டுங்கள், ட்விஸ்ட் வந்துவிடும்.

வட்டக்கச்சி அக்கா, 5.3.2024

தம்பி, வயது போன ஆக்கள் எங்கள் வீட்டிலும் இப்படித்தான். என்னுடைய மாமி நான் சங்கக் கடைக்குப் போய் வந்தால்கூட நேரம் பார்ப்பா. சண்டை பிடிக்காமல் ஒருநாள் அவரையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகிவிடும். பாவம் அந்தப் பிள்ளை. அவவுக்கு ஏதும் உதவி தேவையென்றால் சொல்லுங்கள்.

குளக்கட்டு, 5.3.2024

அக்கா, இது கதை. இப்படி ஒரு வீடு இல்லை. (நூறு வீடு இருக்கலாம், அது வேறு.)

வைகைக்கரை, பிள்ளையைச் சொல்ல வைக்க நானும் யோசித்தேன். ஆனால் பிள்ளைக்கு விளங்காததற்குக் காரணம் அதன் வயதுதான். கிழவருக்கு எல்லாம் விளங்கக்கூடிய வயது. அப்படியிருந்தும் விளங்கவில்லை, ஏனென்றால் விளங்கினால் மகன் போய்விடுவான். எனக்கு அந்த ஆள்தான் வேண்டும்.

உரைகல், 6.3.2024

உங்கள் பந்தியை மூன்று முறை வாசித்தேன். அதில் கிழவர் கண்ணால் பார்த்தது ஒன்றுகூட இல்லை. ஊர் சுற்றினாள், பொய் சொன்னாள், கூத்து: எல்லாமே அவருடைய தீர்ப்பு. சாட்சியைக் கூப்பிடாமல் தீர்ப்பை மட்டும் வாசித்தால், கேட்பவன் ஒன்று அதை ஏற்றுக்கொள்வான், இல்லாவிட்டால் நீதவானுக்கு மூளை சரியில்லை என்பான். உங்கள் முதல் இரண்டு வாசகர்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

இப்படிச் சொல்பவரை நம்பகமற்ற கதைசொல்லி என்கிறோம். வெய்ன் பூத் என்ற அமெரிக்கர் 1961இல் வைத்த பெயருக்கு நம் தமிழ். ஆனால் அந்தப் பெயருக்குள் பல ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள். நடந்ததையே மாற்றிச் சொல்கிறவன் ஒருவன். நடந்ததைச் சரியாகச் சொல்லி, அதற்குப் பிழையான காரணம் சொல்கிறவன் இன்னொருவன். காரணமும் சரியாகவே சொல்லி, நல்லதைக் கெட்டது என்று மதிப்பிடுகிறவன் வேறொருவன். உங்கள் கிழவர் இரண்டாவது ஆள். அப்படியானால் அவர் கண்ணும் காதும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். துருசுக்காரர் அல்லவா? எத்தனை சுற்றுத் திருகினால் எத்தனை வயலுக்குத் தண்ணீர் என்று எண்ணிப் பழகிய ஆள். எண்ணட்டும். நேரம் பார்க்கட்டும். வேலியில் எத்தனை கதியால் என்றுகூடச் சொல்லட்டும். அவர் எண்ணியதை வைத்து நாங்கள் வேறு கணக்குப் போடுவோம்.

வைகைக்கரை, 6.3.2024

உரைகல் ஐயா சொல்வது சங்கப் பாட்டிலேயே இருக்கிறதே. வெறியாட்டு. மகள் காதலால் மெலிகிறாள், தாய் முருகன் பிடித்துவிட்டான் என்று வேலனைக் கூப்பிட்டு ஆட்டை வெட்டுகிறாள். தாய் பார்த்த மெலிவு நிஜம், சொன்ன காரணம் தப்பு. முதல் நம்பகமற்ற கதைசொல்லி நம்ம ஊர்த் தாய்தான்.

உரைகல், 7.3.2024

பாதி சரி. தாய் பிழையாக விளங்கிக்கொள்கிறாள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாட்டுகளில் பெரும்பாலும் பேசுகிறவள் தாய் இல்லை, தோழி. அல்லது தலைவி. நற்றிணை 34இல் தோழி முருகனையே பார்த்து, கடவுளாக இருந்தாலும் நீ மடையன்தான், உனக்குத் தெரியாதா இது உன்னால் வந்த நோய் இல்லையென்று, ஏன் வந்து நிற்கிறாய் என்று கேட்கிறாள். உண்மை தெரிந்தவள் பேசுகிறாள், பிழையை அவளே சுட்டுகிறாள். வாசகனுக்கு வேலை இல்லை. குளக்கட்டு கேட்பது அந்தத் தாயையே பாட வைப்பது எப்படி என்று. தோழி இல்லாத வெறியாட்டு. அது கஷ்டம்.

குளக்கட்டு, 9.3.2024

தோழி இல்லாத வெறியாட்டு. இந்தச் சொல்லை எழுதி மேசையில் ஒட்டிவிட்டேன்.

புதுப் பந்தி:

"விடிய அஞ்சரைக்கு வெளிக்கிட்டாள். எங்கையடி பிள்ளை எண்டு கேக்க, கோயிலடிக்கு மாமா எண்டாள். பின்னேரம் ஆறே காலுக்கு வந்தாள். நெத்தியில பொட்டுக் கிடந்தது, திருநீறு இல்லை. கையில முறிகண்டிக் கச்சான் ஒரு சரை, பிள்ளைக்கு. தொண்டை அடைச்சுப்போய் இருந்தது. சுவரில மகன்ர படம் மாட்டின ஆணி மட்டும் நாள் முழுக்க நிண்டது, இரவு பார்த்தால் படம் திரும்ப வந்திருக்கு. துடைக்கக் கழட்டினவள் போல. துடைச்சதெண்டால் கண்ணாடியில ஏன் இவ்வளவு விரல் அடையாளம்? கோயிலுக்குப் போறன் எண்டவள் திருநீறு இல்லாமலோ வாறது? பொய்."

பாலைப்பழம், 9.3.2024

ஐயோ அந்த விரல் அடையாளம்.

ஒரு விசயம். கதை எந்த வருடம்? நீங்கள் போன வருடம் எனக்கு அனுப்பிய வரைவில் 2014 என்று இருந்தது. கந்தசாமி கோயிலடிப் பந்தல் தொடங்கினது 2017 பெப்ரவரி 20. கிழவர் பிழைவிடலாம், நீங்கள் விடக்கூடாது. வருடம் பிழைத்தால் எங்கள் ஊர் ஆட்கள் இது கிழவருடைய பிழையா எழுதினவருடைய பிழையா என்று தடுமாறுவார்கள். பிறகு ஆணியையும் நம்ப மாட்டார்கள்.

குளக்கட்டு, 9.3.2024

சத்தியமாகக் கவனிக்கவில்லை. 2018 தை மாதத்துக்கு நகர்த்துகிறேன். பேத்தி 2008இல் பிறந்தவள், பத்து வயதும் சரியாக வரும்.

வைகைக்கரை, 10.3.2024

மன்னிக்கணும், எனக்கு இன்னும் கள்ளத்தொடர்பு மாதிரிதான் படுகிறது. தொண்டை கட்டியிருக்கிறது, லேட்டாக வருகிறாள், கடலை வாங்கி வந்து பிள்ளையைச் சமாளிக்கிறாள். படம்? குற்ற உணர்ச்சியில் எடுத்து ஒளித்து வைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

உரைகல், 11.3.2024

வைகைக்கரைக்கு நன்றி சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது. அவர் வாசித்தது நேர்மையான வாசிப்பு. தடயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நேரம் கழித்து வருவது கள்ளத்தொடர்புக்கும் பொருந்தும், பந்தலுக்கும் பொருந்தும். கச்சானும் அப்படி. பொட்டும் அப்படி. தொண்டை அடைத்ததும் அப்படித்தான். கோசம் போட்டவளுக்கும் அடைக்கும், அழுதவளுக்கும் அடைக்கும், பனியில் நின்றவளுக்கும் அடைக்கும். இரண்டு பக்கமும் பொருந்துகிற தடயங்கள் தேவைதான். அவை இல்லாவிட்டால் கிழவரின் சந்தேகத்துக்கு நியாயமே இருக்காது, அவர் வெறும் கெட்ட கிழவராகிவிடுவார். ஆனால் ஒன்றாவது உண்மைக்கு மட்டும் பொருந்த வேண்டும். நீங்கள் படத்தை அதற்காகத்தான் வைத்தீர்கள். யாரோடோ ஓடிப்போகிறவள் புருசனுடைய படத்தைக் கையில் கொண்டு போக மாட்டாள். ஆனால் அவள் கொண்டு போனாள் என்பது உங்கள் பந்தியில் இல்லை. ஆணி வெறுமையாக இருந்தது என்பது மட்டும் இருக்கிறது. அதனால் அவர் ஒளித்து வைத்ததாக எடுத்தார்.

இன்னொன்று, ஏழு தடயத்தை ஒரே பந்தியில் கொட்டியிருக்கிறீர்கள். படம் நெரிசலில் அகப்பட்டுவிட்டது.

பனிக்குள் பனை, 12.3.2024

வேறு ஒரு நாட்டிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையை இரண்டு நாளாக வாசித்தும் எழுத மனம் வரவில்லை.

என்னுடைய அம்மம்மா மாமாவுக்கு ஒரு தட்டு வைப்பா. எல்லோருக்கும் சோறு போட்ட பிறகு அந்தத் தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைப்பா. யாரும் கேட்க மாட்டோம். நீங்கள் தடயம், பொருத்தம், நெரிசல் என்று கதைக்கிறீர்கள். வாசகன் கிழவரைவிடப் புத்திசாலி என்று நினைத்துச் சந்தோசப்படுவதற்குத்தானே இந்தத் தந்திரமெல்லாம்? அந்தக் கிழவரைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

குளக்கட்டு, 12.3.2024

உங்களுக்கு உடனே பதில் எழுத வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

குளக்கட்டு, 17.3.2024

பனிக்குள் பனை கேட்டதால் முதல் காட்சியைத் தூக்கி எறிந்துவிட்டேன். அது இங்கே போடாத காட்சி. அதில் கிழவருக்குக் காது மந்தம். பேத்தி ஒன்று சொல்ல அவர் வேறொன்று கேட்பார். வாசிப்பவர் சிரிக்க வேண்டும், அதோடு இவர் பிழைவிடுகிற ஆள் என்று பழக்கப்பட வேண்டும் என்பது என் கணக்கு. இரண்டு விதத்தில் கெட்ட காட்சி. ஒன்று, சிரிப்பு. மற்றது, காது கேட்காத ஆள் "கோயிலடி" என்று கேட்டதையும் யாரும் நம்பத் தேவையில்லை. நானே என் சாட்சியைக் கெடுத்து வைத்திருந்தேன்.

ஆனால் வாசகருக்கு ஒரு சின்னப் பழக்கம் வேண்டும் என்பதில் நான் இன்னும் நிற்கிறேன். பெரிய பிழைக்கு முதல் ஒரு சின்னப் பிழை, அதைப் பக்கத்தில் இருக்கிற யாராவது திருத்த வேண்டும். இப்படி எழுதியிருக்கிறேன்:

"பதினொரு மணிக்கு வடக்காலை ஒரு வெடி. ஆறு நிமிசம் விட்டு இன்னொண்டு. கல் உடைக்கிறாங்கள், வீதி வேலை தொடங்கப் போகுது எண்டன். அப்பப்பா, அங்கை சிவப்புப் போர்ட்டு நட்டிருக்கு, மண்டையோடு கீறினது எண்டு பிள்ளை சொல்லிச்சு. மாடு போகாமல் இருக்க நட்டிருப்பாங்கள். வீதி போட்டால் மகன் வாற நேரம் வான் வாசலுக்கே வரும்."

மிதிவெடி அகற்றுகிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிழவர் இரண்டு வெடியையும் சரியாகக் கேட்டார். இடைவெளியைச் சரியாக எண்ணினார். பிள்ளை சொன்னதையும் ஒரு சொல் மாற்றாமல் எங்களுக்குச் சொன்னார். காரணத்தில் மட்டும் வழுக்கினார், அந்த வழுக்கல் மகன் வருகிற வாசலில் போய் நிற்கிறது. இதில் சிரிக்க இடம் இருக்கிறதா? எனக்கு இல்லை போலத்தான் தெரிகிறது. பனிக்குள் பனை சொல்ல வேண்டும்.

பனிக்குள் பனை, 18.3.2024

சிரிக்கவில்லை.

வட்டக்கச்சி அக்கா, 18.3.2024

அது கதை என்று இப்போது விளங்குகிறது தம்பி. குறை நினைக்காதேங்கோ. முறிகண்டியில் பஸ் நிற்கும்போது வாங்குகிற கச்சான் வீட்டுக்கு வந்து சேர்வதே பெரிய காரியம், அந்தப் பிள்ளை நல்ல தாய்தான்.

ஒன்று கேட்க வேண்டும். அவ ஏன் மாமனாருக்குச் சொல்லவில்லை? பொய் சொல்லுகிற பிள்ளையாகத் தெரியவில்லையே.

குளக்கட்டு, 18.3.2024

அவள் பொய் சொல்லவில்லை அக்கா. அதுதான் நான் பதுக்கி வைத்திருக்கிற விசயம். அவள் "கோயிலடிக்கு" என்றாள். பந்தல் இருப்பது கோயிலடியில்தான். கிழவர்தான் பந்தியின் கடைசியில் அதைக் "கோயிலுக்கு" என்று ஆக்கிவிட்டுப் பொய் என்கிறார்.

பாலைப்பழம், 18.3.2024

நான் அதைக் கவனிக்கவே இல்லை!! இப்போது திரும்பப் போய் வாசித்தேன். உண்மைதான். சந்தியடி, ஆலடி, பள்ளிக்கூடத்தடி என்று நாள் முழுக்கச் சொல்கிற எனக்கே தெரியவில்லை.

உரைகல், 20.3.2024

இது தமிழ் உங்களுக்குத் தந்த கொடை. ஒருவர் சொன்னதை நாம் "என்றாள்" போட்டு அப்படியே வைக்கிறோம். "கோயிலடிக்கு மாமா எண்டாள்" என்றால் அவள் வாயில் இருந்து வந்த சொல் நம் கையில் இருக்கிறது. கிழவர் அதை இடையில் நின்று மாற்ற முடியாது. அவர் மாற்றுவது அடுத்த முறை, தன் சொல்லில் திருப்பிச் சொல்லும்போது. ஒரே பேச்சை இரண்டு முறை கொடுத்து, இரண்டாம் முறை ஒரு அசை குறைந்தால் அந்த இடைவெளியில்தான் உண்மை இருக்கிறது. பாலைப்பழம் தவறவிட்டதற்குக் காரணம் இரண்டுக்கும் நடுவில் ஏழு தடயம் கிடப்பது. இரண்டையும் கிட்டக் கொண்டு வாருங்கள்.

அதோடு ஒரு சின்ன விசயம். "துடைக்கக் கழட்டினவள் போல" என்று எழுதியிருக்கிறீர்கள். "போல" வேண்டாம். சந்தேகப்படுகிற இடத்தில் "போல", "ஆக்கும்", "எண்டு நினைக்கிறன்" போட்டால் கிழவரே தன் பிழையைப் பாதி ஒப்புக்கொண்டதாகிவிடும். பிழைவிடுகிற இடத்தில் அவர் நூற்றுக்கு நூறு உறுதியாக இருக்க வேண்டும். "துடைக்கக் கழட்டினவள்." அவ்வளவுதான். உண்மைக்குக் கிட்ட வருகிற இடத்தில்தான் அவருக்குத் தடுமாற்றம் வர வேண்டும்.

குளக்கட்டு, 23.3.2024

"போல" எல்லாம் எடுத்தேன். 14 இடம்! பாதி இடத்தில் அது கிழவருடையது இல்லை, என்னுடையது. உண்மை தெரிந்த எழுத்தாளன் பின்னால் நின்று கிழவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

தடயத்தைக் குறைத்தேன். தொண்டை போய்விட்டது. பொட்டு வேறு பக்கத்துக்குப் போனது. கிழவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொல்கிறார், மகன் இருக்கிறான், அவள் பொட்டு வைக்கத்தான் வேணும் என்று. எழுதி முடித்த பிறகுதான் கண்டேன், அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காகத்தான் அந்தப் பொட்டை விரும்புகிறார்கள். நான் திட்டமிட்டதில்லை.

படம் இப்போது இப்படி:

"பையைத் தா, சாமானை எடுத்து வைக்கிறன் எண்டன். வேண்டாம் மாமா எண்டு பறிச்சாள். கண்ணாடி இடிபட்ட சத்தம். இரவு மகன்ர படம் ஆணியில இருந்தது, காலமை இருக்கேல்லை. துடைக்கக் கழட்டினவள். துடைச்சதெண்டால் கண்ணாடியில ஏன் இவ்வளவு விரல் அடையாளம்."

வைகைக்கரை, 23.3.2024

இப்போது புரிந்தது. பைக்குள் படம். நானே கண்டுபிடித்த மாதிரி இருந்தது, ஆனால் சந்தோசமாக இல்லை. ஆனால் ஒரு கேள்வி: படத்தோடு போகிறாள் என்று தெரிகிறது, எங்கே என்று எனக்கு இன்னும் தெரியாது. இந்த இழையைப் படித்ததால்தான் பந்தல் என்று தெரியும். வெறும் கதையைப் படிக்கிற மதுரைக்காரனுக்கு?

பாலைப்பழம், 24.3.2024

மதுரைக்காரருக்காக ஒரு வரி விளக்கம் போட்டால் எங்களுக்குக் கதை செத்துவிடும். இங்கே விதானையார் ஒரு படிவத்தோடு வந்தாலே போதும். 2010இல் வந்த சட்டத்தில் மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள், 2016இல் காணாமல் போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று வந்தது. விதானையார் படிவத்தை நீட்டுகிறார், மருமகள் கையெழுத்து வைக்காமல் உள்ளே போகிறாள், கிழவர் "அரசாங்க உத்தியோகத்தருக்கு மரியாதை தெரியாதவள்" என்று ஏசுகிறார். இது ஊர் ஆட்களுக்கும் விளங்கும், வெளி ஆட்களும் ஏதோ பெரிய தாள் என்று பிடிப்பார்கள்.

உரைகல், 24.3.2024

நல்ல காட்சி. ஆனால் கிழவர் அந்தப் படிவத்தை வாசிப்பாரா? வாசிக்கத் தெரிந்தவர் என்றால் அவர் எதைப் படித்தார் என்று சொல்ல வேண்டும், சொன்னால் கதை முடிந்தது. மறைத்தால் அது பிழையாக விளங்குவது இல்லை, ஒளிப்பது. வேறு ஆளாகிவிடுவார்.

குளக்கட்டு, 25.3.2024

கிழவரின் மூக்குக்கண்ணாடி உடைந்துபோய்விட்டது என்று வைத்தால் மலிவான வழி. விதானையாரை எழுதவில்லை. பாலைப்பழத்துக்கு மனவருத்தம் என்று தெரியும்.

யாருக்கு எழுதுகிறேன் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வன்னியில் இருக்கிறவன் நாலாம் வரியில் பிடிக்கிறான், மதுரையில் இருக்கிறவர் கடைசி வரை பிடிக்கவில்லை. நடுவில் ஒரு ஆளைக் கற்பனை செய்துகொண்டு எழுதுகிறேன்.

இன்னொன்று கற்றுக்கொண்டேன். வாசித்தவரிடம் "விளங்கினதா" என்று கேட்கக் கூடாது. எல்லோரும் ஓம் என்பார்கள். "அவள் எங்கே போனாள், கிழவருக்கு அது தெரியுமா" என்று கேட்கிறேன். இரண்டாவது கேள்விக்கு வருகிற பதில்கள்தான் விசித்திரம். ஐந்து பேரில் இரண்டு பேர் "அவருக்குத் தெரியும்" என்கிறார்கள். நான் எழுதும்போது அவருக்குத் தெரியாது. இப்போது எனக்கே நிச்சயமில்லை.

வட்டக்கச்சி அக்கா, 2.4.2024

தம்பி, ஒரு சின்னச் சந்தேகம். மாங்குளத்தில் இருக்கிற கிழவர் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கிளினிக் வருவதில்லையோ? எல்லோரும் வருகினம். பஸ் ஏ9 வீதியால்தானே வரும். பந்தல் வீதியோரத்தில்தானே இருக்குது. அவர் ஒருநாளும் காணவில்லையோ?

பாலைப்பழம், 2.4.2024

அக்கா கதையை உடைத்துவிட்டா.

குளக்கட்டு, 2.4.2024

அக்கா, நித்திரை போய்விட்டது.

குளக்கட்டு, 3.4.2024

முதலில் அவரைப் பஸ்ஸில் ஏற்றாமல் தப்பப் பார்த்தேன். மாங்குளம் ஆசுபத்திரி போதும், முழங்கால் வலி, இப்படி. எல்லாம் சாட்டு. பிறகு யோசித்தேன்: பிழையாக விளங்கிக்கொள்கிற ஆள் உண்மைக்கு முன்னால் போய் நிற்காமல் முடிகிற கதை, நான் அவருக்குப் பயந்து எழுதிய கதை.

2018 தை, மாசி. உள்ளூராட்சித் தேர்தல் பெப்ரவரி 10. வீதியெல்லாம் முகங்கள். அது போதும் அவருக்கு.

வைகைக்கரை, 3.4.2024

ஓ.

உரைகல், 4.4.2024

எழுதுங்கள். ஒன்று மட்டும். அவர் எண்ணுகிற ஆள் என்பதை மறக்க வேண்டாம்.

குளக்கட்டு, 9.4.2024

மறக்கவில்லை. கதையின் கடைசிப் பந்தி இது. இதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

"கிளினிக் நாள். பஸ்ஸில இருக்க இடம் கிடைச்சது, யன்னல் கரை. முறிகண்டியில ரெண்டு தேங்காய் உடைச்சாங்கள், கச்சான்காரப் பெட்டை ஏழு சரை வித்தாள். கிளிநொச்சிக்குள்ள வர எலக்சன் படங்கள். மதிலில பன்ரெண்டு, மின்கம்பத்தில ஒம்பது. கோயிலடியில பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டான். வீதியோரம் ஒரு கொட்டில், பெண்டுகள் நிலத்தில இருக்கினம், ஆளுக்கொரு படம் மடியில. இதுவும் எலக்சன்தான். இந்த முறை சின்னப் பொடியள் எல்லாம் கேக்கிறாங்கள், மீசை முளைக்காததுகளும் கிடக்கு. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. நாலு வரைக்கும் எண்ணினன். பஸ் கனநேரம் நிண்டது."

பனிக்குள் பனை, 9.4.2024

செவ்வாய்க்கிழமையா அன்று?

குளக்கட்டு, 9.4.2024

ஓம்.